‘அவர்’, ‘அவுக’, ‘அவன்’: வட்டார உரையாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தல்

முன்னுரை

தமிழ்ச் சிறுகதைகளை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் முன்னுரைகளில் ஒரு குறிப்பு பெரும்பாலும் இடம்பெறுகிறது. மூலக்கதையின் வட்டார வழக்கை ஆங்கிலத்தில் கொண்டுவர இயலவில்லை என்பதே அக்குறிப்பு. இவ்விழப்பு தவிர்க்கவியலாதது என்று வாசகரும் திறனாய்வாளரும் ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் வட்டார வழக்கில் இழக்கப்படுவது எது, எஞ்சுவது எது என்று பகுத்துப் பார்க்கும் முயற்சி அரிதாகவே நிகழ்கிறது. ‘வட்டார வழக்கு’ என்ற ஒற்றைப் பெயரின்கீழ் வெவ்வேறு தன்மையுடைய கூறுகள் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. அவற்றுள் சில ஆங்கிலத்திற்கு எளிதில் செல்லும். சில ஒருபோதும் செல்லா. சில, மொழிபெயர்ப்பாளர் வேறோர் இடத்தில் வைத்துக் காத்தாலன்றிச் செல்லா.

வட்டாரக் குரல் என்பது தனித்தனிச் சொற்களின் ஒலியில் மட்டும் இல்லை; ஒரு கதைமாந்தர்க்கும் இன்னொரு கதைமாந்தர்க்கும் இடையிலான வேறுபாட்டில் உள்ளது. ஆகவே உரையாடலைப் பெயர்க்கும்போது மொழிபெயர்ப்பின் அலகு சொல்லன்று, தொடருமன்று. குரல்களுக்கிடையிலான வேறுபாடே அலகு. இக்கட்டுரை இக்கருத்தை நெல்லை வழக்கில் அமைந்த ஒரு சிறு உரையாடலைக் கொண்டு விளக்க முற்படுகிறது. அவ்வுரையாடல் எந்தப் படைப்பிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. விளக்கத்தின் பொருட்டு அமைக்கப்பட்டது.

எடுத்துக்காட்டு உரையாடல்

திருநெல்வேலிப் பகுதியின் சிற்றூர் ஒன்று. கறவை மாடு வாங்கக் கூட்டுறவுச் சங்கத்தில் பெற்ற கடனுக்குத் தவணை கட்டப்படவில்லை. வேற்றூரிலிருந்து பணிமாற்றம் பெற்று வந்துள்ள அலுவலர் ஒருவர் அவ்வீட்டு வாசலில் நிற்கிறார். கடன் பெற்றவர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவியும் தாயும் இருக்கின்றனர்.

அலுவலர்: “அவரு எங்கம்மா போயிட்டாரு? நாளைக்குக் கண்டிப்பா வரச் சொல்லுங்க.”

மனைவி: “அவுக வெள்ளன கெளம்பிப் போயிட்டாவ சார். சாயங்காலம் வந்துருவாவ. நான் சொல்லுதேன்.”

தாய்: “அவன் எங்கன போயித் தொலஞ்சானோ! ஏட்டி, நேத்தே நான் சொன்னேம்லா, அந்தச் சவத்து மாட்ட வித்துத் தொலைங்கன்னு.”

தமிழ் வாசகர் இம்மூன்று கூற்றுகளையும் படித்த அளவில் பலவற்றை அறிந்துகொள்கிறார். அலுவலர் அவ்வூரினர் அல்லர். மற்ற இருவரும் நெல்லைப் பகுதியினர். இரண்டாவதாகப் பேசுபவர் மனைவி. மூன்றாவதாகப் பேசுபவர் வீட்டின் மூத்தவர். இவற்றுள் எதையும் கதைசொல்லி கூறவேண்டிய தேவையில்லை. ஆங்கிலத்தில் இவற்றுள் எத்தனை நிற்கும் என்பதே வினா.

மூன்று அடுக்குகள்

இவ்வுரையாடலின் மொழிக்கூறுகளை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கலாம். முதலாவது, பொதுப் பேச்சுவழக்கு. ‘போய்விட்டார்’ என்பது ‘போயிட்டாரு’ எனவும், ‘கிளம்பி’ என்பது ‘கெளம்பி’ எனவும், ‘நேற்றே’ என்பது ‘நேத்தே’ எனவும் வருவது நெல்லைக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் கற்றாரும் கல்லாரும் வீட்டில் இவ்வாறே பேசுகின்றனர். ‘தொலை’ என்னும் துணைவினை பேசுவோரின் சலிப்பை உணர்த்துவதும் அவ்வாறே பொதுவானது.

இரண்டாவது, வட்டாரத்திற்குரிய கூறுகள். ‘சொல்கிறேன்’ என்பது பொதுப் பேச்சில் ‘சொல்றேன்’ என வர, நெல்லையில் ‘சொல்லுதேன்’ என வருகிறது. பொதுப் பேச்சில் ‘போயிட்டாங்க’ என்பது கரிசல், இராமநாதபுரப் பகுதிகளில் ‘போயிட்டாக’ என்றும் நெல்லையில் ‘போயிட்டாவ’ என்றும் ஒலிக்கிறது. ‘அல்லவா’ என்பதன் குறுக்கமான ‘லா’, ‘எங்கே’ என்பதற்கு ‘எங்கன’, இளைய பெண்ணை அழைக்கும் ‘ஏட்டி’ என்னும் விளி, வெறுப்பைக் காட்டும் ‘சவம்’ ஆகியனவும் இவ்வடுக்கைச் சேர்ந்தவை.

மூன்றாவது, உறவுநிலையைக் காட்டும் கூறுகள். இங்கு இல்லாத ஒரே மனிதர் மூன்று கூற்றுகளிலும் சுட்டப்படுகிறார். அலுவலர்க்கு அவர் ‘அவரு’, மனைவிக்கு ‘அவுக’, தாய்க்கு ‘அவன்’. வினைமுற்று விகுதிகளும் அதற்கேற்ப ‘ஆரு’, ‘ஆவ’, ‘ஆன்’ என மாறுகின்றன. கணவன் பெயரைச் சொல்லாத வழக்கமுடைய குடும்பத்தில் ‘அவுக’ என்பது வெறும் சுட்டுப்பெயரன்று. பெயரின் இடத்தில் நிற்பது. தாயின் ‘அவன்’ இழிவுபடுத்துவதன்று. பெற்றவள் என்ற உரிமையைக் காட்டுவது.

இவ்வடுக்குகள் ஒரே சொல்லில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதும் உண்டு. ‘போயிட்டாவ’ என்ற ஒரு சொல்லில் ‘விட்டு’ என்பது ‘ட்டு’ ஆனது பொதுப் பேச்சு; ‘ஆவ’ என்ற வடிவம் வட்டாரம்; ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது உறவுநிலை. சொல் ஒன்றாயினும் மொழிபெயர்ப்பாளர் எடுக்கவேண்டிய முடிவுகள் மூன்று.

எழுத்தைச் சிதைப்பதால் வரும் கேடு

இரட்டை வழக்கைப் பற்றி 1959இல் எழுதிய சார்லஸ் ஃபெர்குசன் வரையறுத்த நிலை தமிழுக்கு நன்கு பொருந்துகிறது. எழுத்திற்கும் மேடைக்கும் ஒரு வழக்கு. வீட்டிற்கும் தெருவிற்கும் இன்னொரு வழக்கு. இரண்டாவதைப் பேசாத தமிழர் இல்லை. ஆகவே சிறுகதையில் ஒருவர் ‘போயிட்டாரு’ என்று பேசுவதால் அவருடைய கல்வி குறித்து வாசகர் எதையும் முடிவுசெய்வதில்லை. பேராசிரியரும் அவ்வாறே பேசுவார் என்பது வாசகர்க்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. பேச்சொலியைக் காட்டுவதற்காகச் சொற்களின் எழுத்தைச் சிதைத்து எழுதுவது அம்மொழியின் கதைமரபில் நெடுங்காலமாக ஒரு குறிப்பிட்ட பொருளைப் பெற்றுவிட்டது. அவ்வாறு பேசுபவர் கல்லாதவர், அல்லது நகைப்பிற்குரியவர் என்று வாசகர் கொள்கிறார். ‘வாட்’ என்னும் வினாச்சொல்லை அதே ஒலிவர வேறு எழுத்துகளால் எழுதினாலும் இவ்விளைவே உண்டாகிறது. அங்கு ஒலி மாறவில்லை. பேசுபவரின் தகுதி மட்டும் தாழ்த்தப்படுகிறது.

மொழிபெயர்ப்பில் நிகழும் முதற்பிழை இங்கே தொடங்குகிறது. மூலத்தில் எழுத்துவழக்கிலிருந்து விலகிய அனைத்தையும் ‘வட்டாரம்’ என்று கருதிவிட்டால், முதல் அடுக்கிற்கும் இரண்டாம் அடுக்கிற்கும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. பின்னர் அலுவலர், மனைவி, தாய் ஆகிய மூவர் கூற்றும் சிதைந்த எழுத்தில் அமைகின்றன. மூலத்தில் மூவரும் இயல்பாகப் பேசினர். மொழிபெயர்ப்பில் மூவரும் ஆங்கிலம் அறியாதவர்போல் ஆகின்றனர். அவர்களுக்கிடையில் இருந்த வேறுபாடும் போய்விடுகிறது.

முதல் அடுக்கிற்குரிய ஆங்கிலம் மிக எளியது. ஆங்கிலம் பேசுவோர் அனைவரும் அன்றாடம் பயன்படுத்தும் குறுக்க வடிவங்களும் சிறு தொடர்களும் போதும். இலக்கணப் பிழையோ எழுத்துச் சிதைவோ அதற்குத் தேவையில்லை.

வேறொரு நாட்டின் வட்டாரத்தை இரவல் பெறுதல்

இரண்டாம் அடுக்கிற்கு முன்மொழியப்படும் தீர்வுகளுள் ஒன்று, ஆங்கிலத்திலுள்ள ஏதேனும் ஒரு வட்டார வழக்கை ஈடாகக் கொள்வது. ஜே. சி. கேட்ஃபோர்டு 1965இல் வெளியிட்ட மொழிபெயர்ப்புக் கோட்பாட்டு நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். வட்டாரங்களை நில அமைப்பால் மட்டும் ஒப்பிடாமல், அவ்வழக்கு சமுதாயத்தில் பெறும் இடத்தாலும் ஒப்பிடவேண்டும் என்பது அவர் கருத்து. கொள்கையளவில் இது ஏற்கத்தக்கதாகத் தோன்றும். நெல்லை வழக்கிற்கு ஸ்காட்லாந்து வழக்கையோ அமெரிக்கத் தென்மாநில வழக்கையோ ஈடாக வைக்கலாம் அன்றோ என்று கேட்கலாம்.

ஆனால் எந்த வட்டார வழக்கும் தன் நிலத்தை விட்டு வருவதில்லை. தாயின் கூற்றை ஸ்காட்லாந்து வழக்கில் அமைத்தால், ஆங்கில வாசகர் செவியில் ஒலிப்பது தாமிரபரணிக் கரையன்று, குளிர்ந்த மலைநாடு. அமெரிக்கத் தென்மாநில வழக்கில் அமைத்தால், அந்நிலத்தின் அடிமைமுறை வரலாறும் இனப்பாகுபாடும் உடன் வந்து சேர்கின்றன. கூட்டுறவுச் சங்கமும் கறவை மாட்டுக் கடனும் ‘சார்’ என்னும் விளியும் அந்நிலத்தில் பொருந்தி நிற்கமாட்டா. வாசகர் ஒரே பக்கத்தில் இரண்டு நாடுகளில் நிற்கவேண்டியதாகிறது.

மொழிபெயர்ப்பு மூலத்தைச் சிதைக்கும் பன்னிரண்டு போக்குகளை 1985இல் வரிசைப்படுத்திய அந்துவான் பெர்மன், மண்ணின் பேச்சுவலையை அழிப்பதையும் அதனை அயற்பொருளாகக் காட்சிப்படுத்துவதையும் ஒரே போக்கின் இரு பக்கங்களாகக் காட்டினார். ஒருவர் வட்டாரத்தை முற்றிலும் அகற்றிப் பொது ஆங்கிலத்தில் எழுதுகிறார். இன்னொருவர் வேற்று வட்டாரத்தைப் போர்த்துகிறார். இருவரும் மூலத்தின் குரலை இழக்கின்றனர் என்பதே அவர் கருத்தின் சாரம்.

இந்திய ஆங்கிலத்தை ஈடாக வைக்கலாம் என்னும் கருத்தும் உண்டு. இதற்கு ஓரளவு நியாயம் உள்ளது. தொடரின் இறுதியில் ‘நோ’ என்று சேர்த்துக் கேட்கும் இந்திய ஆங்கில வழக்கு ‘சொன்னேம்லா’ என்பதிலுள்ள ‘லா’விற்கு மிக நெருங்கிய பணியைச் செய்கிறது. எனினும் இந்திய ஆங்கிலம் பள்ளியிலும் அலுவலகத்திலும் கற்ற நகரத்தாரின் வழக்கு. அதனைச் சிற்றூர்த் தாயின் வாயில் வைத்தால், அவர் தம் மொழியில் வீறுடன் பேசுபவராகத் தோன்றாமல், அயல்மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசுபவராகத் தோன்றுவார். மேற்காட்டிய மூவருள் இந்திய ஆங்கிலம் இயல்பாகப் பொருந்தக்கூடியவர் அலுவலர் ஒருவரே.

செல்வதும் செல்லாததும்

இரண்டாம் அடுக்கின் கூறுகளை ஒவ்வொன்றாக நோக்கின் அவை ஒரே தன்மையன அல்ல என்பது புலப்படும். ‘சொல்லுதேன்’ என்பதிலுள்ள கால இடைநிலை இடத்தை மட்டும் காட்டுகிறது. ‘சொல்றேன்’ என்பதற்கும் அதற்கும் பொருள் வேறுபாடு இல்லை. இத்தகைய கூற்றை ஆங்கிலத்தில் தனியே காட்ட வழியில்லை. காட்ட முயலவும் வேண்டியதில்லை. நெல்லையை அறியாத ஆங்கில வாசகர்க்கு இது நெல்லை என்று உணர்த்தும் ஒலி எதுவும் இருக்கவியலாது. அச்செய்தியைக் கதையின் இடப்பெயர்களும் நிலக்குறிப்புகளும் தரவேண்டும்.

‘லா’ அவ்வாறன்று. அது ஒரு பணியைச் செய்கிறது. கேட்பவர்க்கும் தெரிந்த ஒன்றை நினைவூட்டி, அதனைப் பொருட்படுத்தவில்லையே என்று இடித்துரைக்கிறது. இப்பணியைச் செய்யும் வடிவம் ஆங்கிலப் பொதுப்பேச்சிலேயே உண்டு. ‘டிட்ன்ட் ஐ டெல் யூ’ என்னும் எதிர்மறை வினா அதனை முழுமையாகச் செய்கிறது. வட்டார அடையாளம் போகும். பேச்சின் செயல் நிற்கும்.

‘சவம்’ என்னும் சொல் மொழிபெயர்ப்பாளர் தவறி விழத்தக்க இடம். அகராதிப்பொருள் பிணம் என்பது. அதனை அப்படியே பெயர்த்தால், தாய் மாட்டைப் பிணம் என்று சபிப்பதாக ஆகிவிடும். மாடு இறந்துவிட்டதோ என்னும் ஐயமும் எழலாம். நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் இது சலிப்பிலும் செல்லக் கடிதலிலும் நாள்தோறும் வழங்கும் சொல். தன் பழம்பொருளின் வன்மையை வழக்கில் பெரும்பாலும் இழந்துவிட்டது. இங்கு ஆங்கிலத்தில் ‘ரெச்சட்’ என்னும் அடைமொழி போதுமானது. அடிச்சொல்லின் படிமம் போகிறது என்பது உண்மை. ஆனால் படிமத்தைக் காக்கப்போய் வசவின் அளவு கூடிவிட்டால் தாயின் இயல்பே மாறிவிடும்.

கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி (1982), பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி (2000) போன்றவை மொழிபெயர்ப்பாளர்க்குப் பெருந்துணை. எனினும் சொல்லகராதி ஒரு சொல்லின் பொருளைத் தரும் அளவிற்கு அதன் சூட்டின் அளவைத் தருவதில்லை. யார், யாரிடம், எந்த மனநிலையில் அச்சொல்லைச் சொல்வர் என்பதை அவ்வட்டாரத்தார் ஒருவர் உரையாடலை உரக்கப் படிக்கக் கேட்டே அறியவேண்டும்.

‘ஏட்டி’ என்னும் விளிக்கு ஆங்கிலத்தில் நிகர் இல்லை. அதனை அவ்வாறே நிறுத்தலாம். மூத்த பெண் இளைய பெண்ணை நோக்கிப் பேசுகிறார் என்பது காட்சியிலேயே தெளிவாவதால் அடிக்குறிப்பு தேவைப்படாது. ஆனால் அலுவலர் கூற்றிலுள்ள ‘அம்மா’ என்னும் விளியை இவ்வாறு நிறுத்துவது தவறாகும். அங்கு அது மரியாதை விளி. இந்தியக் கதைகளைப் படித்துப் பழகிய ஆங்கில வாசகர் ‘அம்மா’ என்றால் தாய் என்று அறிவார். கடன்பெற்றவரின் தாயும் அதே வாசலில் நிற்கும்போது, அலுவலர் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதில் குழப்பம் உண்டாகும். அவ்விளியை விடுத்து, ‘ப்ளீஸ்’ என்னும் சொல்லால் அதன் மரியாதையைக் காப்பது நன்று. மூலச்சொல்லை நிறுத்துவதே மண்வாசனையைக் காக்கும் வழி என்னும் பொதுவிதி இங்குப் பயன்படாது.

ஒரே மனிதர், மூன்று சுட்டுகள்

மூன்றாம் அடுக்கே மிகுந்த கவனம் வேண்டுவது. ‘அவரு’, ‘அவுக’, ‘அவன்’ மூன்றிற்கும் ஆங்கிலத்தில் ‘ஹீ’ என்னும் ஒரே சொல்தான் உண்டு. வினைமுற்றும் பால், மரியாதை எதையும் காட்டாது. பெரும்பாலான மொழிபெயர்ப்புகளில் இவ்வேறுபாடு ஓசையின்றி மறைகிறது. சிதைந்த எழுத்தும் இரவல் வட்டாரமும் கண்ணில் படும் பிழைகள்; இது கண்ணில் படாத பிழை. ஆங்கிலத்தை மட்டும் படிப்பவர்க்கு ஏதோ குறைகிறது என்றுகூடத் தோன்றாது.

இங்குச் செய்யத்தக்கது, சுட்டுப்பெயர் சுமந்த செய்தியைப் பெயர்த்தொடருக்கு மாற்றுவது. மனைவியின் முதற்கூற்றில் ‘ஹீ’ என்று தொடங்காமல் ‘மை ஹஸ்பெண்ட்’ என்று தொடங்கலாம். தாயின் கூற்றில் ‘தட் ஃபெல்லோ’ என்று அமைக்கும் ஆசை எழலாம். ஆனால் அதில் இகழ்ச்சி மிகுந்து, பெற்ற உரிமை மறைகிறது. ‘தட் சன் ஆஃப் மைன்’ என்பதில் சலிப்பும் உரிமையும் ஒருங்கே நிற்கின்றன. அலுவலர் மட்டும் ‘ஹீ’ என்றே சுட்டட்டும்; அவருக்கு அம்மனிதர் கோப்பிலுள்ள ஒருவரே. இம்மூன்று கூற்றுகளும் ஆங்கிலத்தில் பின்வருமாறு அமையலாம்.

அலுவலர்: “வேர் ஹேஸ் ஹீ கான்? ப்ளீஸ் ஆஸ்க் ஹிம் டு கம் டுமாரோ, வித்தவுட் ஃபெயில்.”

மனைவி: “மை ஹஸ்பெண்ட் லெஃப்ட் எர்லி, சார். ஹீ’ல் பி ஹோம் பை ஈவ்னிங். ஐ’ல் டெல் ஹிம்.”

தாய்: “காட் நோஸ் வேர் தட் சன் ஆஃப் மைன் ஹேஸ் டேக்கன் ஹிம்செல்ஃப். ஏட்டி, டிட்ன்ட் ஐ டெல் யூ யெஸ்டர்டே? செல் தட் ரெச்சட் கவ் அண்ட் பி டன் வித் இட்.”

இதில் எழுத்துச் சிதைவு இல்லை. இலக்கணப் பிழை இல்லை. வேற்று நாட்டு வட்டாரமும் இல்லை. எனினும் மூன்று குரல்கள் உள்ளன. அலுவலர் ‘வித்தவுட் ஃபெயில்’ என்னும் அலுவலகத் தொடரால் வேறுபடுகிறார். மனைவி கேட்டதற்கு மட்டும் விடைசொல்லி நிறுத்துகிறார். தாய் கேட்காததையும் சொல்கிறார். அலுவலரை நோக்கித் தொடங்கிய பேச்சு, விளியோடு மருமகள்மேல் திரும்புகிறது. இத்திருப்பம் மூலத்தில் ‘ஏட்டி’யின் இடத்தால் உண்டானது. ஆங்கிலத்திலும் அவ்விளி அதே இடத்தில் நின்றாக வேண்டும். தொடரின் இறுதிக்கு அதனை நகர்த்தினால் திருப்பம் தாமதமாகி, தாயின் வேகம் குறைந்துவிடும்.

இம்முறைக்கு ஓர் இடர் உண்டு. பெயர்த்தொடரை ஒவ்வொரு முறையும் பயன்படுத்தினால் உரையாடல் கனத்துவிடும். மனைவி ஒவ்வொரு தொடரிலும் ‘மை ஹஸ்பெண்ட்’ என்பாராயின் அது வேறு வகைச் செயற்கை. முதற்சுட்டில் மட்டும் பெயர்த்தொடரை வைத்து, அடுத்த தொடர்களில் ‘ஹீ’ என்பதற்குச் செல்வதும், காட்சி மாறும்போதோ உறவில் விரிசல் தோன்றும்போதோ மீண்டும் பெயர்த்தொடருக்கு வருவதும் போதுமானது. கதையின் பிற்பகுதியில் மனைவி ஒருநாள் ‘அவன்’ என்று சொல்லிவிடுவதாகக் கொள்வோம். தமிழில் அந்த ஒரு விகுதியே கதையின் உச்சமாகலாம். ஆங்கிலத்தில் தொடக்கம் முதல் ‘ஹீ’ என்றே வந்திருந்தால் அவ்வுச்சம் நிகழவே செய்யாது. தொடக்கத்தில் ‘மை ஹஸ்பெண்ட்’ என்று நிலைபெற்றிருந்தால், அவ்விடத்தில் ‘தட் மேன்’ என்ற இரு சொற்களால் அதனை நிகழ்த்தலாம்.

எவ்வாறு சரிபார்ப்பது

மொழிபெயர்ப்பில் குரல் நின்றதா என்பதை அறிய எளிய ஆய்வுமுறை ஒன்று உண்டு. உரையாடலிலிருந்து பேசுவோர் பெயர்களையும் ‘என்றார்’, ‘என்றாள்’ போன்றவற்றையும் நீக்கிவிட்டு, தமிழறியாத ஆங்கில வாசகர் ஒருவரிடம் கொடுக்கவேண்டும். எத்தனை பேர் பேசுகின்றனர், அவருள் வெளியாள் யார், இல்லாத மனிதருக்கு மிக நெருங்கியவர் யார், மூத்தவர் யார் என்று கேட்கவேண்டும். இவற்றிற்கு விடை கிடைத்தால் குரல் நின்றது எனலாம். குரல்களைப் பிரிக்க இயலவில்லையெனில் பொது ஆங்கிலம் அனைத்தையும் சமன்செய்துவிட்டது என்று பொருள். குரல்களைப் பிரித்தாலும், அவர்களுள் ஒருவர் அறிவில் குறைந்தவர் என்று வாசகர் கருதினால், எழுத்திலோ இலக்கணத்திலோ சிதைவு புகுந்துவிட்டது என்று பொருள்.

இச்சோதனைக்கு முன்பே செய்யவேண்டிய பணி ஒன்றும் உள்ளது. கதைமாந்தர் ஒவ்வொருவரும் மற்றவரை எவ்வாறு விளிக்கிறார், இல்லாதவரை எவ்வாறு சுட்டுகிறார், எச்சொற்களால் கடிகிறார் என்று ஒரு பட்டியல் எடுத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பு குறித்த தமிழ் ஆய்வேடுகளில் வட்டாரச் சொற்களும் அவற்றிற்கான ஆங்கில நிகரன்களும் பட்டியலாகத் தரப்படுவதுண்டு. அப்பட்டியலில் ‘வெள்ளன’, ‘எங்கன’ போன்றவை இடம்பெறும், ‘அவன்’ இடம்பெறாது. ‘அவன்’ வட்டாரச் சொல் அன்று என்பதே காரணம். ஆனால் மேற்கண்ட உரையாடலில் மிகுதியாக இழக்கப்படக்கூடியது அச்சொல்லே. நிகரன்களைச் சொல்வாரியாகத் தேடும் ஆய்வுமுறையின் எல்லை இதனால் விளங்குகிறது.

இம்முறையின் எல்லை

மேற்கூறிய அனைத்தும், கதைசொல்லி எழுத்துவழக்கிலும் மாந்தர் பேச்சுவழக்கிலும் அமைந்த கதைகளுக்கே முழுமையாகப் பொருந்தும். 1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ தொடங்கி வட்டாரப் புனைவுகள் பலவும் இவ்வமைப்பைக் கொண்டவை. அங்குக் கதைசொல்லியின் நடை ஓர் அளவுகோலாக நின்று, மாந்தரின் பேச்சை வேறுபடுத்திக் காட்டுகிறது. கதைசொல்லலும் பேச்சுவழக்கில் அமையும்போது இவ்வளவுகோல் இல்லை. பாமாவின் ‘கருக்கு’ (1992) சிறுகதையன்று, தன்வரலாறு. எனினும் இச்சிக்கலுக்கு அது தக்க சான்று. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது (2000) உரையாடல் மட்டுமன்றி நூல்முழுதும் பேச்சுவழக்காக இருப்பதை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அத்தகைய நூலில் பேச்சுவழக்கைத் தேர்ந்தது எழுத்துவழக்கின் அதிகாரத்தை மறுக்கும் செயல். அதனை மாந்தர்க்கிடையிலான வேறுபாடாக மட்டும் கொண்டு பெயர்க்க இயலாது. அதற்கு வேறு முறை வேண்டும். அவ்வாறே, ஒரு வட்டாரச் சொல்லை இன்னொரு வட்டாரத்தார் பிழையாகப் புரிந்துகொள்வதே கதையின் முடிச்சாக அமையுமிடத்திலும் இம்முறை உதவாது.

முடிவுரை

வட்டார உரையாடலில் இடத்தை மட்டும் காட்டும் ஒலிவடிவங்கள் ஆங்கிலத்தில் நில்லா. அவற்றை விடுவதில் பெரும்பிழை இல்லை. பணியைச் செய்யும் கூறுகளுக்கு அப்பணியையே செய்யும் ஆங்கிலப் பேச்சுவடிவங்கள் பெரும்பாலும் உண்டு. உறவுநிலையைக் காட்டும் கூறுகள் வேறோர் இடத்திற்கு மாற்றப்பட்டாலன்றி மறைந்துவிடும். இம்மூன்றையும் ஒன்றாகக் கருதி ‘வட்டாரத்தைக் கொண்டுவர இயலவில்லை’ என்று முன்னுரையில் எழுதுவது, இயலாததன் கணக்கில் இயலுவதையும் சேர்த்து எழுதுவதாகும்.

இவ்விழப்பு ஆங்கிலத்தோடு முடிவதுமில்லை. தமிழ்ப் புனைகதைகள் பிற இந்திய மொழிகளுக்குப் பல வேளைகளில் ஆங்கிலத்தின் வழியாகவே செல்கின்றன. இந்தி, வங்காளம், மலையாளம் ஆகிய மொழிகளில் இல்லாத ஒருவரைச் சுட்டும் சொற்கள் மரியாதைக்கேற்ப மாறுகின்றன. மனைவியின் ‘அவுக’வும் தாயின் ‘அவன்’உம் அம்மொழிகளில் இயல்பாக அமர இடமுண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பில் மூன்றும் ‘ஹீ’ என ஆகிவிட்டால், அதனை மூலமாகக் கொள்ளும் இந்தி மொழிபெயர்ப்பாளர் ஊகத்தால் ஒன்றைத் தேர்வார். பேசுபவர் மனைவி என்று கதை பின்னரே தெரிவிக்குமாயின் அவ்வூகம் தவறவும் கூடும். ‘மை ஹஸ்பெண்ட்’, ‘தட் சன் ஆஃப் மைன்’ என்று ஆங்கிலத்தில் நின்றிருந்தால், அம்மொழிபெயர்ப்பாளர் உரிய மரியாதை வடிவைத் தயக்கமின்றி மீட்டெடுப்பார். திருநெல்வேலியின் ‘ஆவ’ விகுதி கல்கத்தாவிற்குச் சென்று சேராது. அவ்விகுதி சுமந்த மனைவியின் மரியாதை சென்று சேரலாம். அது சேருவதும் சேராததும் இடையில் நிற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் எடுக்கும் இரண்டு மூன்று சொல் முடிவுகளைப் பொறுத்தது.